இறங்கும் கணக்கு எந்தத் தாளிலும் இல்லை

ஒரு கண்டக்டர். இரவு கண்ணை மூடினால் அவர் கனவில் பஸ் நிறையப் பயணிகள். ஒருவரும் இறங்குவதில்லை. மறுநாள் இரவும் அதே ஆட்கள், கூடவே புதிதாகச் சிலர். இந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு சிறுகதை எழுதச் சொன்னால் பெரும்பாலோர் கை ஒரே பக்கம்தான் போகும். என்றோ பள்ளத்தில் கவிழ்ந்த பஸ், அதில் செத்துப்போனவர்கள், கடைசிப் பத்தியில் கண்டக்டரும் உயிரோடு இல்லை என்று ஒரு திருப்பம்.

அப்படி எழுதினால் கதையில் கண்டக்டருக்கு வேலையே இல்லை. அவர் இடத்தில் ஒரு படகோட்டியையோ லிப்ட் இயக்குபவரையோ வைத்தாலும் அந்தக் கதை நடந்துவிடும். இந்தக் கனவு ஒரு கண்டக்டருக்கு மட்டுமே வரக்கூடிய கனவு என்று வாசகர் நம்ப வேண்டும் என்றால், அது அவர் தோளில் தொங்கும் பையிலிருந்தும் கையில் பிடித்திருக்கும் தாளிலிருந்தும் வர வேண்டும். அங்கே தேடிப் பார்த்தால் ஆவியும் விபத்தும் தேவைப்படாத ஒரு கதை உட்கார்ந்திருக்கிறது.

தாளிலிருந்து தொடங்குவோம். கையடக்க மெஷின் வருவதற்கு முன், நம் ஊர் அரசு பஸ்களில் கண்டக்டர் கையில் கட்டுக்கட்டாகச் சீட்டுகள் இருக்கும். ஒவ்வொரு விலைக்கும் ஒரு கட்டு, ஒவ்வொரு சீட்டிலும் வரிசை எண். கூடவே ஒரு தாள். அதை இன்வாய்ஸ் என்பார்கள். டிரிப் தொடங்கும்போது ஒவ்வொரு கட்டிலும் மேலே நிற்கும் எண்ணை அதில் எழுத வேண்டும். ஒவ்வொரு ஸ்டேஜ் வரும்போதும் திரும்ப எழுத வேண்டும். 10 ரூபாய்க் கட்டு 350ல் தொடங்கி அடுத்த ஸ்டேஜில் 369ல் நிற்கிறது என்றால், இடையில் 350 முதல் 368 வரை 19 சீட்டு போயிருக்கிறது. எல்லாக் கட்டுகளையும் இப்படிக் கழித்துக் கூட்டினால் அந்த ஸ்டேஜின் வசூல் வந்துவிடும். ஊருக்கு வெளியே மரத்தடியில் பஸ்ஸை நிறுத்திவிட்டுக் கண்டக்டர் ஏதோ எழுதிக்கொண்டிருக்க, பயணிகள் பொறுமையிழந்து எட்டிப் பார்ப்பார்களே, அந்த எழுத்து இதுதான்.

செக்கிங் இன்ஸ்பெக்டர் வழியில் ஏறினால் முதலில் இந்தத் தாளைத்தான் வாங்குவார். பயணியின் சீட்டு எண்ணைப் பார்ப்பார், தாளில் உள்ள எண்ணோடு ஒப்பிடுவார். 360ஆம் எண் சீட்டு என்றால் இவர் இன்ன ஸ்டேஜுக்கும் இன்ன ஸ்டேஜுக்கும் நடுவில் ஏறியவர் என்று தெரிந்துவிடும். ஏறிய இடமும் கொடுத்த காசும் சரியாக இருந்தால் எல்லாம் சரி.

இந்த ஏற்பாட்டில் ஒரு விஷயம் மட்டும் எங்கும் பதிவாவதில்லை. ஏறியவருக்கு ஒரு எண் உண்டு, அவர் இறங்கியதற்கு ஒன்றும் இல்லை. சீட்டின் விலையைப் பார்த்து எதுவரை போகப் பணம் கட்டினார் என்று சொல்லலாம். அங்கே இறங்கினாரா, இரண்டு ஸ்டாப் முன்னாலேயே குதித்துவிட்டாரா என்பதைத் தாள் அறியாது. இப்போது கையில் இருக்கும் மெஷின் இன்னும் கெட்டிக்காரத்தனமாகக் கணக்குப் போடும். ஏறும் இடம், சேரும் இடம் இரண்டையும் அழுத்தித்தான் சீட்டு எடுக்கிறார்கள் என்பதால், இந்த ஸ்டேஜைத் தாண்டியதும் இத்தனை பேர் இறங்கியிருக்க வேண்டும் என்று அதனால் கழித்துச் சொல்ல முடியும். ‘இறங்கியிருக்க வேண்டும்’ என்பதோடு அதன் அறிவு முடிகிறது. 2021 மே மாதம் முதல் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ஆனாலும் அவர்களுக்கும் காசு இல்லாத ஒரு சீட்டு கொடுக்கப்படுகிறது. அந்தச் சீட்டும் ஒருவர் ஏறினார் என்பதற்கு மட்டுமே சாட்சி.

ஆக, பணி முழுக்க ஏறுபவர்களை மட்டுமே எழுதிக்கொண்டிருந்த ஒருவர் தன் தாள்களையெல்லாம் அடுக்கிப் பார்த்தால், அதில் ஏறியவர்கள் அத்தனை பேரும் இருப்பார்கள். இறங்கியவர் ஒருவரும் இருக்கமாட்டார். கனவு அந்தத் தாளை அப்படியே நம்பிவிடுகிறது என்பதுதான் என் கதைக்கு அடிப்படை.

ஆனால் இது இன்னும் யோசனைதான், கதை ஆகவில்லை. கதைக்கு ஒரு ஆள் வேண்டும், அவருக்கு உறுத்தலாக ஒரு காரியம் வேண்டும். அதற்கும் வெளியே போக வேண்டியதில்லை. சில்லறை இல்லாத காலை நேரத்தில் யாராவது 100 ரூபாய்த் தாளை நீட்டினால் கண்டக்டர் என்ன செய்வார் என்று எல்லோருக்கும் தெரியும். சீட்டைக் கிழித்து அதன் பின்பக்கம் பேனாவால் மீதித் தொகையை எழுதி, “இறங்கும்போது வாங்கிக்கிடுங்க” என்பார். கண்டக்டருக்கும் ஒரு பயணி இறங்குவதற்கும் உள்ள ஒரே எழுத்துத் தொடர்பு இந்தக் கிறுக்கல்தான். அதுவும் பயணியின் கையில் போய்விடுகிறது. மறந்துபோய் இறங்கிவிட்டால், பணம் பையில், கணக்கு யாரோ ஒருவர் சட்டைப் பையில்.

மறந்து இறங்குபவர்களைப் பற்றி நாம் பயணியின் பக்கமிருந்தே யோசித்திருக்கிறோம். கண்டக்டரின் பக்கம் வேறு மாதிரி. பையில் இருக்கும் பணம் சீட்டுக் கணக்கோடு ஒத்துப்போக வேண்டும். குறைந்தால் அவர் கையிலிருந்து கட்ட வேண்டும். கூடினால், அது எங்கிருந்து வந்தது என்ற கேள்வி வரும். யாருக்கோ தர வேண்டிய மீதி அது என்று அவர் சொல்லலாம், காட்டுவதற்கு எதுவும் இருக்காது.

இனி ஆளுக்கு ஒரு பெயர் வைக்கலாம். சுடலைமுத்து, தென்காசிப் பக்கம் டவுன் பஸ் கண்டக்டர், வயது ஐம்பதைத் தாண்டியவர். ஒரு நாள் மாலை, கக்கத்தில் மஞ்சள் நிற எக்ஸ்ரே கவரை இடுக்கிக்கொண்டு ஒருவர் ஏறுகிறார். உட்கார இடம் இருந்தும் கவர் மடங்கிவிடக் கூடாது என்று கம்பியைப் பிடித்தபடி நிற்கிறார். 100 ரூபாய் தருகிறார். சீட்டு 15 ரூபாய். சுடலைமுத்து பின்பக்கம் 85 என்று எழுதித் தருகிறார். கூட்டம் பிதுங்குகிறது. ஆள் எங்கே இறங்கினார் என்று சுடலைமுத்து பார்க்கவில்லை. மறுநாள் கேட்பார் என்று அந்த 85 ரூபாயைத் தனியாக ரப்பர் பேண்ட் போட்டு வைக்கிறார். வாரம் போகிறது, ஆள் வரவில்லை. கதை இவ்வளவுதான். அவருக்கு என்ன வியாதி, பிழைத்தாரா என்பதைக் கதை சொல்லக்கூடாது. சுடலைமுத்துவுக்கு அது தெரிய வழியில்லை, ஆகவே நமக்கும் தெரிய வேண்டாம்.

சுடலைமுத்து எங்கே தூங்குகிறார் என்பது இந்தக் கதையில் மிக முக்கியம். வீட்டில் கட்டிலில் படுக்க வைத்தால் கனவு வெறும் கனவாகப் போய்விடும். கிராமத்துத் தடங்களில் நைட் ஹால்ட் என்று ஒன்று உண்டு. கடைசி டிரிப் ஊர்க்கோடியில் போய் நின்றுவிடும். டிரைவரும் கண்டக்டரும் அங்கேயே தங்கி, விடியுமுன் முதல் டிரிப்பை எடுக்க வேண்டும். தங்க அறை உள்ள ஊர்கள் உண்டு, இல்லாத ஊர்களில் பஸ்தான் படுக்கை. மூன்று பேர் உட்காரும் சீட்டில் காலை மடக்கிக்கொண்டோ, நடைபாதையில் துண்டை விரித்தோ படுப்பார்கள். கொசுவுக்குப் பயந்து ஜன்னல் ஷட்டரை இறக்கினால் உள்ளே வெக்கை, ஏற்றினால் கொசு. பகல் முழுக்க மனிதர்கள் உட்கார்ந்து எழுந்த ரெக்சினில் எண்ணெய்த் தலை வாடையும் மீன்கூடை வாடையும் இருக்கும். அங்கே தூங்கும் ஒருவர் இருட்டில் விழித்தால், கனவில் பார்த்த அதே சீட்டுகள்தான் கண்முன்னால் இருக்கும். ஆட்கள் மட்டும் இல்லை. விழிப்புக்கும் கனவுக்கும் இடையே இடமாற்றமே இல்லாத இப்படி ஒரு படுக்கையறை ஒரு எழுத்தாளருக்குச் சும்மா கிடைக்காது.

இப்படி ஒரு கனவு உண்மையில் வருமா என்று கேட்கலாம். வேலை தூக்கத்துக்குள் வருவது ஆராய்ச்சியில் பார்க்கப்பட்ட விஷயம். ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியின் ராபர்ட் ஸ்டிக்கோல்டும் அவர் குழுவினரும் சிலரை நாட்கணக்கில் டெட்ரிஸ் என்ற கட்டம் அடுக்கும் கம்ப்யூட்டர் விளையாட்டை ஆட வைத்து, தூக்கம் கண்ணைச் சுழற்றும் நேரத்தில் எழுப்பி என்ன தெரிகிறது என்று கேட்டார்கள். 2000ஆம் ஆண்டு அந்த முடிவுகள் வெளியாயின. பலரும் கட்டங்கள் மேலிருந்து விழுவதைக் கண்டதாகச் சொன்னார்கள். அதில் வியப்பில்லை. மூளைப் பாதிப்பால் புதிய நினைவே தங்காத ஐந்து பேரும் அதில் இருந்தார்கள். விளையாடியதே அவர்களுக்கு நினைவில்லை. அவர்களிலும் மூவர் விழும் கட்டங்களைக் கண்டார்கள். ஒன்றைச் செய்ததே நினைவில் இல்லாதபோதும் அந்த வேலையின் உருவம் தூக்கத்தில் வந்து நிற்கிறது. எக்ஸ்ரே கவர்க்காரரின் முகம் சுடலைமுத்துவுக்கு மறந்தே போயிருந்தாலும் கவரின் மஞ்சள் நிறம் வரலாம் என்பதற்கு இதைவிட நல்ல ஆதாரம் எனக்கு வேண்டாம்.

அது தூக்கத்தின் வாசலில் வரும் உருவங்கள். நீண்ட கதைபோல் ஓடும் கனவுகள் பெரும்பாலும் வருவது, மூடிய இமைக்குள் கண்கள் வேகமாக அசையும் கட்டத்தில். சிகாகோ பல்கலைக்கழகத்தில் யூஜின் அசெரின்ஸ்கியும் நதானியேல் கிளெயிட்மனும் 1953ல் அதை எழுதினார்கள். அந்தக் கட்டம் சுமார் 90 நிமிடத்துக்கு ஒரு முறை வரும். விடியலை நெருங்க நெருங்க அதன் நீளம் கூடும். ஆகவே இரவின் மிக நீண்ட கனவுகள் கடைசி ஒன்றிரண்டு மணி நேரத்தில்தான். அந்த நேரத்தில் எழுப்பிவிட்டால் கனவு நினைவில் நிற்கும், முழுதாகத் தூங்கி எழுந்தால் பெரும்பாலும் கலைந்துவிடும்.

நைட் ஹால்ட் கண்டக்டரின் அலாரம் அடிப்பது சரியாக அந்த நேரத்தில். முதல் டிரிப்புக்காக நான்கு மணிக்கே செல்போன் அலறுகிறது. கனவு பாதியில் அறுகிறது. பாதியில் அறுவதால் நினைவில் நிற்கிறது. பஸ் எந்த இடத்துக்கும் போய்ச் சேராததால் யாரும் இறங்குவதும் இல்லை. பயணிகள் ஏன் இறங்கவில்லை என்பதற்கு இது ஒரு காரணம். கதைக்குள் இதை விளக்கக் கூடாது. ஒவ்வொரு கனவும் அலாரத்தில் முடிகிறது என்று காட்டினால் போதும், கூர்ந்து படிப்பவர் பிடித்துக்கொள்வார்.

இனி கனவுகளை எழுத வேண்டும், இந்தக் கதை கெட்டுப்போவது பெரும்பாலும் இங்கேதான். கனவில் எதுவும் நடக்கலாம் என்ற சுதந்திரம் எழுத்தாளரின் கையைக் கெடுத்துவிடும். பஸ் பறக்கும், பயணிகளுக்கு முகம் இருக்காது, ஸ்டியரிங்கில் எலும்புக்கூடு. எதுவும் நடக்கலாம் என்றால் எது நடந்தாலும் வாசகருக்குக் கவலையில்லை. புதுமைப்பித்தனின் ‘காஞ்சனை’யில் அச்சம் வருவது, வீட்டுக்குள் வேலைக்கு வந்த ஒரு பெண்ணும், இரவும், சொல்பவரின் தடுமாற்றமுமாகச் சாதாரணப் பொருட்களை வைத்துத்தான். பேயா பிரமையா என்ற கேள்விக்கு அந்தக் கதை கடைசிவரை பதில் தருவதில்லை. நம் கனவிலும் ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் சட்டப்படி இருக்க வேண்டும்.

முதல் கனவு இப்படி. பஸ் நிற்கிறது, உள்விளக்கு எரிகிறது, ஐந்து பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். சுடலைமுத்து வழக்கம்போல் முன்னிருந்து பின்னால் வருகிறார்.

“எங்கய்யா எறங்கணும்?”

“சீட்டுல போட்டுருக்குல்லா.”

வாங்கிப் பார்க்கிறார். சீட்டு சரியாக இருக்கிறது. அடுத்தவர் சீட்டும் சரி. ஐந்தும் அவர் கிழித்துக் கொடுத்த சீட்டுகள்தான். தப்பு என்று சொல்ல எதுவும் இல்லை. அலாரம் அடிக்கிறது.

சீட்டில்லாமல் உட்கார்ந்திருந்தால் அவரால் இறக்கிவிட முடியும். செல்லுபடியாகும் சீட்டை வைத்திருப்பவரை எந்த அதிகாரத்தில் இறக்குவது? ஒரு கண்டக்டருக்கு மட்டுமே வரக்கூடிய திகில் இது. அவருடைய எல்லா ஆயுதமும் சீட்டு இல்லாதவர்களுக்கு எதிராகத்தான்.

இரண்டாம் கனவில் ஆட்கள் கூடியிருக்கிறார்கள். இன்வாய்ஸை எழுதி முடித்தால் டிரிப் முடிந்துவிடும், டிரிப் முடிந்தால் இறங்கித்தானே ஆக வேண்டும் என்று கட்டைப் பார்க்கிறார். மேல் எண் 369. தாளில் எழுதக் குனிந்து, சந்தேகமாகத் திரும்பப் பார்த்தால் 396. மறுபடி 963. கனவில் எழுத்தும் எண்ணும் ஒரே இடத்தில் நிற்பதில்லை என்று பலர் சொல்வதுண்டு. நமக்கே அந்த அனுபவம் இருக்கும். கணக்கையே நம்பி வாழ்ந்தவருக்கு அது எவ்வளவு பெரிய தண்டனை என்பதைக் காட்ட இந்த மூன்று எண்கள் போதும்.

மூன்றாம் கனவில் பின்படிக்கட்டு அருகே, கம்பியைப் பிடித்தபடி அவர் நிற்கிறார். கக்கத்தில் கவர்.

“பாக்கியத் தந்தா எறங்குதேன்.”

சுடலைமுத்து பையைத் துழாவுகிறார். பையில் சீட்டுகள் மட்டுமே இருக்கின்றன.

இதோடு கனவுகளை நிறுத்திவிட வேண்டும். ஏழு பக்கக் கதை என்றால் மூன்று கனவுக்கும் சேர்த்து இரண்டு பக்கம் தாராளம். மீதி ஐந்து பக்கமும் பகல். ஸ்கூல் பிள்ளைகள், படிக்கட்டில் தொங்குபவர்களைத் திட்டுவது, “இவனச் சந்தை முக்குல எறக்கி விட்டுருங்கண்ணே” என்று ஒரு தாய் மகனை ஏற்றிவிட்டுப் போவது, டிரைவருடன் டீ. பகல் கனமாக இருந்தால்தான் இரவு நம்பும்படி இருக்கும். கனவை அவர் யாரிடம் சொல்கிறார் என்பதும் முக்கியம். மனைவியிடம் சொன்னால் கோயிலுக்குக் கூட்டிப் போவார், கதை வேறு பக்கம் திரும்பிவிடும். டிரைவரிடம் சொல்லட்டும். டிரைவர் கொட்டாவி விட்டுக்கொண்டே ஒன்று மட்டும் கேட்கட்டும்: “வண்டிய யாரு ஓட்டுதா, நானா?” சுடலைமுத்து முன்பக்கம் பார்த்ததே இல்லை என்று அப்போதுதான் உணர்கிறார். கண்டக்டர் கனவில்கூடப் பயணிகளைப் பார்த்தே நிற்கிறார்.

முடிவு. கனவில் கடைசியாக எல்லோரும் இறங்கிவிடுகிறார்கள் என்று முடித்தால் கதை மாத்திரை சாப்பிட்டுக் குணமானது போல் ஆகிவிடும். ஓய்வு பெறும் நாளில் சுடலைமுத்துவே பஸ்ஸிலிருந்து இறங்குகிறார் என்ற முடிவு, தலைப்பைப் படிக்கும்போதே வாசகருக்குத் தோன்றிவிடும். எக்ஸ்ரே கவர்க்காரர் ஒரு நாள் வந்து 85 ரூபாயை வாங்கிக்கொண்டால் அது நல்ல செய்தி, நல்ல கதை ஆகாது. எனக்குச் சரியாகப் படும் முடிவு பகலில், ஓடும் பஸ்ஸில் இருக்கிறது.

காலை டிரிப். கடைசி ஊர் நெருங்குகிறது, பஸ்ஸில் நாலைந்து பேர்தான் இருக்கிறார்கள். ஜன்னலோரம் ஒரு கிழவி, கையில் கட்டணமில்லாச் சீட்டு, சுருட்டி மடித்து விரலுக்கிடையில். சுடலைமுத்து அருகில் போய் நிற்கிறார். கனவில் கேட்ட கேள்வியை விழித்திருக்கும்போது முதல் முறையாகக் கேட்கிறார்.

“எறங்கலியா ஆச்சி?”

கிழவி திடுக்கிட்டு விழிக்கிறாள். “எய்யா, கண்ணசந்துட்டேன். எங்கூரு போயிட்டோ?”

“அப்பவே போயிட்டுல்லா.”

இந்தப் பதில் மிகச் சாதாரணமாக இருப்பதால்தான் எனக்கு இது பிடித்திருக்கிறது. தூங்கிப்போனவர் இறங்கவில்லை, அவ்வளவுதான். கடைசி ஊரில் பஸ் திரும்புகிறது. திரும்பும் டிரிப்புக்கு அவளுக்கு இன்னொரு சீட்டு தர வேண்டும், செக்கர் ஏறினால் பழைய சீட்டு செல்லாது. தருகிறார். அவள் ஊர் வருகிறது. ஒற்றை விசில், பஸ் நிற்கிறது. கிழவி கம்பியைப் பிடித்து ஒரு படி இறங்கி, அடுத்த படிக்குக் காலைத் துழாவி, தரையில் நின்று, சேலைக் கொசுவத்தைச் சரிசெய்து, சாக்கடைப் பலகையைத் தாண்டும்வரை சுடலைமுத்து ரெட்டை விசில் கொடுக்கவில்லை.

அதை இன்வாய்ஸின் ஓரத்தில் அவர் எழுதி வைக்கிறார் என்று சேர்க்க எழுத்தாளருக்குக் கை துடிக்கும். சேர்க்கக் கூடாது. அவர் கண்டக்டர், அந்தத் தாளில் கிறுக்கினால் டிப்போவில் பதில் சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தெரியும். அன்றிரவு கனவு வந்ததா என்பதையும் சொல்லக் கூடாது. பஸ் இன்னும் நின்றுகொண்டிருக்கிறது. டிரைவர் கண்ணாடியில் பார்க்கிறார். பின் சீட்டில் ஒருவர் வாட்சைப் பார்த்துக் கத்துகிறார், “என்ன கண்டக்டரே, வண்டிய எடுக்கச் சொல்லுங்க, எட்டரைக்கு நான் மில்லுல நிக்கணும்.”